40 சென் லாபமா, காலை ஆறரை மணி லோரியா?

ஒரு பாக்கெட் தோசை மாவை 3 ரிங்கிட் 60 சென்னுக்கு வாங்கிக்கொண்டிருக்கும் கடைக்காரரிடம், அதே ஒரு கிலோ பாக்கெட்டை 3 ரிங்கிட் 20 சென்னுக்குத் தருகிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வார்? நம்மில் பலர் இரண்டாவது ஆளிடம் உடனே மாறிவிடுவோம். கிள்ளானில் எங்கள் தாமானில் மளிகைக் கடை நடத்தும் அக்காவும் முதலில் அப்படித்தான் நினைத்தார். கடந்த செமஸ்டர் விடுமுறையில் அவர் கடையில் பகுதி நேரமாக வேலை செய்தேன். நான் பல்கலைக்கழகத்தில் படிப்பது விநியோகச் சங்கிலி நிர்வாகம். பாடப் புத்தகத்தில் பெரிய தொழிற்சாலைகளை வைத்துச் சொல்லித் தரும் கணக்கு, ஒரு தோசை மாவு பாக்கெட்டுக்குள் முழுதாக அடங்கிக் கிடப்பதை அங்கேதான் பார்த்தேன்.

அந்தக் கடையில் ஒரு நாளைக்குச் சராசரியாக 40 பாக்கெட் மாவு விற்கும். திங்கள் முதல் வெள்ளி வரை 36, சனி ஞாயிறு என்றால் 50. விற்பனை விலை 4 ரிங்கிட் 50 சென். பழைய மாவுக்காரரிடம் வாங்கினால் பாக்கெட்டுக்கு 90 சென் நிற்கும். புதியவரிடம் வாங்கினால் 1 ரிங்கிட் 30 சென். வித்தியாசம் 40 சென்தான். ஆனால் 40 பாக்கெட், 28 நாள் என்று பெருக்கினால் 448 ரிங்கிட். அக்கா கடையின் குளிர்பெட்டிகளுக்கு ஆகும் மாத மின்கட்டணத்தில் பெரும்பகுதி அதிலேயே அடைந்துவிடும். சின்னக் கடைக்கு இது சாதாரணத் தொகை இல்லை.

அதனால் நான்கு வாரம் புதியவரிடமே வாங்கிப் பார்ப்பது என்று அக்கா முடிவு செய்தார். பழையவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். "ஒரு மாசம் அவர்கிட்ட எடுத்துப் பாக்குறேண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்றதற்கு அவர் சிரித்துவிட்டு, "பாரும்மா, நான் எங்க போகப்போறேன்" என்றாராம். அந்த நான்கு வாரமும் மாவு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பாக்கெட் வந்தது, எத்தனை வீணானது, மாவு கேட்டு எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பதை எல்லாம் அக்கா ஒரு 555 நோட்டில் எழுதி வைத்தார். மற்ற கடைகளில் கடன் எழுத வைத்திருக்கும் அதே சின்ன நோட்டுதான். நான் செய்ததெல்லாம் அந்த நோட்டை வைத்துக் கூட்டிக் கழித்ததுதான்.

நோட்டு சொன்ன கதை இது. 28 நாளில் 20 நாள் மாவு காலை ஏழரைக்குள் வந்துவிட்டது. 6 நாள் ஒன்பது மணிக்கு மேல்தான் வந்தது. 2 நாள் வரவே இல்லை. வராத இரண்டு நாளும் ஞாயிற்றுக்கிழமை. பாக்கெட் உப்பிப் போனதாலும் புளித்துவிட்டதாலும் விற்க முடியாமல் போனவை மொத்தம் 50.

தாமதமான நாள்களில் என்ன இழப்பு? நம் ஊரில் மாவு வாங்க வருகிறவர்கள் இரண்டு அலையாக வருகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருபவர்கள், வேலைக்குப் போகும் முன் எட்டிப்பார்ப்பவர்கள், இவர்கள் காலை அலை. வேலை முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு வாங்குபவர்கள் மாலை அலை. அக்கா கடையில் ஒன்பது மணிக்குள் சுமார் 15 பாக்கெட் போகும், மிச்சம் மாலைக்கு. மாவு ஒன்பதரைக்கு வந்தால் அந்த 15 போச்சு. காலையில் மாவு கிடைக்காதவர் மத்தியானம் திரும்பி வந்து வாங்க மாட்டார். அவர் எதிரில் இருக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போவார், இல்லை அன்றைக்கு ரொட்டியைச் சாப்பிட்டுவிடுவார். ஆக 6 நாளுக்கு 90 பாக்கெட். வராத இரண்டு ஞாயிறுக்கு 100. மொத்தம் 190 பாக்கெட் விற்பனை இல்லாமல் போனது.

இனி ஒப்பிடலாம். பழையவரிடமே வாங்கியிருந்தால் 1,120 பாக்கெட், 90 சென் வீதம் 1,008 ரிங்கிட் கிடைத்திருக்கும். விற்காமல் புளித்த பாக்கெட்டை அவர் மறுநாள் மாற்றிக் கொடுத்துவிடுவார் என்பதால் வீண் செலவு கிடையாது. புதியவரிடம் வாங்கியதில் விற்றது 930 பாக்கெட். 1 ரிங்கிட் 30 சென் வீதம் 1,209 ரிங்கிட். அதில் வீணான 50 பாக்கெட்டின் விலை 160 ரிங்கிட்டைக் கழித்தால் 1,049.

பார்த்தீர்களா? இத்தனை தாமதம், இத்தனை வீண், இரண்டு ஞாயிறு மாவே இல்லை. அப்படியும் மலிவானவர்தான் 41 ரிங்கிட் முன்னால் நிற்கிறார். "நேரத்துக்கு வருபவரே எப்போதும் லாபம்" என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 40 சென் என்பது உண்மையிலேயே பெரிய வித்தியாசம்.

ஆனால் அக்கா இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "மாவு வாங்குறவங்க மாவு மட்டுமாம்மா வாங்குறாங்க?"

தோசை மாவு எடுத்தவர் கை அடுத்து எங்கே போகும் என்று மூன்று நாள் கல்லாவில் உட்கார்ந்து குறித்தேன். மாவு வாங்கிய பத்துப் பேரில் ஆறு பேர் வேறு ஏதாவது சேர்த்து வாங்கினார்கள். துருவிய தேங்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி, பொட்டுக்கடலை. சட்னிக்கான சாமான் என்று பார்த்தாலே தெரியும். சிலர் அப்படியே சின்ன வெங்காயம், பருப்பு என்று சாம்பாருக்கும் போவார்கள். அந்தக் கூடையில் கடைக்குக் கிடைக்கும் லாபம் ஓர் ஆளுக்குச் சுமார் ஒன்றரை ரிங்கிட். அதாவது மாவில் வரும் லாபத்தைவிடக் கொஞ்சம் அதிகம். தோசை மாவு, தன்னோடு நான்கு பொருளைக் கைப்பிடித்து அழைத்து வரும் சரக்கு.

190 பேருக்கு மாவு கிடைக்கவில்லை என்றால், பத்துக்கு ஆறு வீதம் 114 கூடை. அத்தனையும் போயிருக்காது. மாவு இல்லை என்று தெரிந்தும் தேங்காயை வாங்கிப் போனவர்கள் உண்டு. பாதி என்று வைத்துக்கொண்டால் 57 கூடை, சுமார் 85 ரிங்கிட். இதைச் சேர்த்ததும் கணக்கு கவிழ்ந்துவிடுகிறது. 41 ரிங்கிட் முன்னால் இருந்த மலிவு மாவு, 44 ரிங்கிட் பின்னால் போய்விட்டது.

பாதி என்பது என் ஊகம்தான். கால்வாசிப் பேர்தான் கூடையோடு போனார்கள் என்றால் இரண்டு மாவும் கிட்டத்தட்ட சமமாக வந்து நிற்கும். இவ்வளவு நெருக்கமான கணக்கில், இரண்டு பேருடைய விலைச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டும் எதுவும் புரியாது. வேறு எங்கே காசு ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

ஒன்று, கடன். பழையவர் வாரக் கடைசியில்தான் பணம் வாங்குவார். புதியவருக்குப் பாக்கெட்டை இறக்கும்போதே ரொக்கம். ஒரு வாரத்துக்கு 280 பாக்கெட், 3 ரிங்கிட் 60 சென் வீதம் 1,008 ரிங்கிட். மாவு விற்று வந்த காசு, அதைக் கொடுக்க வேண்டிய நாள் வரும்வரை அக்காவின் கல்லாவில் இருக்கும். அதை வைத்துத்தான் அவர் வியாழக்கிழமை காய்கறிக்குப் பணம் கட்டுகிறார். புதியவருக்கு மாறிய முதல் வாரத்திலேயே காய்கறிக்காரரிடம் "ரெண்டு நாள் பொறுங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. வட்டி இல்லாத கடன் ஒன்று கையைவிட்டுப் போனது 40 சென் கணக்கில் எங்கேயும் தெரியாது.

இன்னொன்று, அந்த மாற்றிக் கொடுக்கும் வழக்கம். எங்கள் பாடத்தில் இதற்கு ஒரு புகழ்பெற்ற கணக்கு இருக்கிறது. அதன் பெயரே செய்தித்தாள் விற்பவர் கணக்கு! இந்தப் பக்கத்தில் எழுதுவதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. இன்றைய நாளிதழை இன்று விற்காவிட்டால் நாளை அது வெறும் காகிதம். அப்படியென்றால் காலையில் எத்தனை பிரதி எடுப்பது? ஒன்று குறைந்தால் இழப்பது அதன் லாபம். ஒன்று மிஞ்சினால் இழப்பது அதன் வாங்கிய விலை. இரண்டையும் எடை போட வேண்டும்.

புதியவர் மாவில் ஒரு பாக்கெட் குறைந்தால் இழப்பு 1 ரிங்கிட் 30 சென், மிஞ்சிக் கெட்டால் இழப்பு 3 ரிங்கிட் 20 சென். 1.30 ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 4.50 ஆல் வகுத்தால் 0.29 வரும். இதன் பொருள், பத்து நாளில் மூன்று நாள் மட்டுமே எல்லாருக்கும் மாவு போதுமான அளவுக்கு வாங்கினால்தான் லாபம் அதிகம். மிச்ச ஏழு நாள் மாவு தீர்ந்து போக வேண்டும்! பழையவரோ மிஞ்சியதை மாற்றிக் கொடுப்பதால், அக்கா தாராளமாக எடுத்து வைக்கலாம். இல்லை என்று சொல்ல வேண்டிய நிலையே அபூர்வம். மாவு நாளிதழ் மாதிரி ஒரே நாளில் செத்துப்போவதில்லை, குளிர்பெட்டியில் ஓரிரு நாள் தாங்கும் என்பதால் இந்த 0.29 ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அது காட்டிவிடுகிறது. 3 ரிங்கிட் 60 சென்னில் மாவின் விலையோடு, மிஞ்சினால் என்ன செய்வது என்ற பயத்தை ஏற்றுக்கொள்வதற்கான கூலியும் சேர்ந்திருக்கிறது.

தாமதம் என்றால் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பாதுகாப்புக் கையிருப்பு என்று இதைத்தான் முதலாம் ஆண்டிலேயே சொல்லித் தருகிறார்கள். அக்கா என்னைக் குளிர்பெட்டி அருகே கூட்டிப்போய், முந்தின நாள் மிஞ்சிய புதியவர் மாவில் ஒன்றை என் கையில் கொடுத்தார். தலையணை மாதிரி உப்பியிருந்தது.

இது ஏன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் லியூகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் இயற்கையாகவே வளரும். அவை சர்க்கரையைத் தின்று புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். இட்லி பொங்குவதே அந்த வாயுவால்தான். நம் நாட்டு வெப்பத்தில் ஒரே இரவில் மாவு பொங்கிவிடும். நன்றாகக் குளிர வைத்தால் நுண்ணுயிர்கள் வேகம் குறைந்து கிடக்கும். பழையவர் மாவைப் பாக்கெட்டில் அடைத்து, குளிர் அறையில் வைத்து முழுதாகக் குளிர்ந்த பிறகே லோரியில் ஏற்றுகிறார். புதியவர் விடியற்காலையில் அரைத்து அடைத்ததை நேரே சாதாரண வேனில் ஏற்றி விடுகிறார். குளிர் அறை இல்லை, அதற்கு மின்செலவும் இல்லை. அந்த 40 சென்னில் ஒரு பகுதி எங்கிருந்து மிச்சமானது என்று இப்போது புரிகிறதல்லவா?

அக்கா சரக்கை வாங்கும் விதமும் நான் கவனித்த ஒன்று. கூடையின் மேலே இருக்கும் பாக்கெட்டைத் தொட மாட்டார். கையை உள்ளே விட்டு நடுவில் இருப்பதை எடுப்பார். ஓரத்தில் இருப்பவை காற்றுப்பட்டுச் சீக்கிரம் ஆறிவிடும், நடுவில் நெருக்கி அடுக்கியவை வெதுவெதுப்பாகவே இருக்கும். புளிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். நடுப் பாக்கெட் கைக்குச் சில்லென்று இருந்தால் அந்தக் கூடை நம்பலாம். வெதுவெதுப்பாக இருந்தால் அது மாலை வரைக்கும்தான். அடுத்த நாளுக்கு வைத்தால் மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும், பிரித்தால் புளித்த வாடை வரும். இப்படிப்பட்ட சரக்கைக் கையிருப்பு வைத்தால், கையிருப்பே வீண் கணக்கில் போய்ச் சேரும். இரும்பு ஆணிக்குப் பொருந்தும் பாடம் தோசை மாவுக்குப் பொருந்தாது.

தாமதத்தைப் பற்றி இன்னொரு விஷயம். புதியவர் தினமும் ஒன்பதரைக்குத்தான் வருவேன் என்று சொல்லி, ஒன்பதரைக்கே வந்திருந்தால் அக்கா சமாளித்திருப்பார். மாலை அலைக்கு மட்டும் அவரிடம் வாங்கி, காலைக்கு வேறு ஏற்பாடு செய்திருக்கலாம். ஆனால் ஒரு நாள் ஏழு மணி, மறுநாள் பத்து மணி என்றால் எதையும் திட்டமிட முடியாது. சராசரி எடுத்தால் ஒன்றும் மோசமில்லை என்று தோன்றும். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவருக்குச் சராசரியால் எந்தப் பயனும் இல்லை. ஏன் இப்படி என்று அவரிடமே அக்கா விசாரித்தார். ஒரே வேன், ஒரே ஓட்டுநர், இருபதுக்கும் மேற்பட்ட கடைகள், அதில் எங்கள் தாமான் கடைசி. முதல் கடைகளில் ஐந்து ஐந்து நிமிடம் தாமதமானால் கடைசிக் கடைக்கு அது ஒன்றரை மணி நேரமாக வந்து சேர்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வராமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. ஞாயிறன்று எல்லாக் கடைகளும் கூடுதலாகக் கேட்கும். அரைக்கும் இயந்திரம் ஒன்றுதான். மாவு போதாதபோது வழியில் முதலில் உள்ள கடைகளுக்கே தீர்ந்துவிடும். ஆக, அவர் கைவிடும் நாள் ஏதோ ஒரு நாளாக இருப்பதில்லை. சரக்கு மிக அதிகமாகத் தேவைப்படும் நாளாகவே இருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு சைவம், காலையும் இரவும் தோசை இட்லிதான். அந்தச் சனிக்கிழமை மாவு இல்லை என்றால் இழப்பை 40 பாக்கெட் கணக்கில் அளக்க முடியாது.

பழையவர் தவறவே தவறாதவர் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் ஒரு நாள் அவர் லோரியும் பழுதாகி நின்றிருக்கிறது. ஆனால் முந்தின இரவு எட்டு மணிக்கே போன் செய்து சொல்லிவிட்டார். அக்கா பக்கத்துத் தாமான் கடையில் 20 பாக்கெட் சொல்லி வைத்துக்கொண்டார். புதியவர் வராத இரண்டு ஞாயிறும் காலை பத்து மணிக்கு அக்காதான் போன் செய்து கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இரண்டு பேரிடமும் பிரித்து வாங்கலாமா என்றும் பார்த்தோம். காலைக்கும் கொஞ்சம் மாலைக்கும் 30 பாக்கெட் பழையவரிடம், மாலைக்கு மட்டும் 10 பாக்கெட் புதியவரிடம். தாளில் அழகாக இருந்தது. ஆனால் 10 பாக்கெட் என்றதும் புதியவர் விலையை 3 ரிங்கிட் 40 சென்னாக ஏற்றிவிட்டார். வேனை நிறுத்தி இறக்கும் செலவு 40 பாக்கெட்டுக்கும் 10 பாக்கெட்டுக்கும் ஒன்றுதானே. அப்படிப் பார்த்தால் நாளுக்கு 2 ரிங்கிட் மிச்சம். அதற்காக இரண்டு பேரிடம் கணக்கு வைத்து, இரண்டு விதப் புளிப்புள்ள மாவை ஒரே தட்டில் அடுக்கி, "நேத்து வாங்குனது நல்லா இருந்துச்சே" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க அக்கா தயாராக இல்லை.

ஐந்தாம் வாரத் திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் பழைய லோரி வந்து நின்றது. விலை கொஞ்சம் குறைக்க முடியுமா என்று அக்கா 555 நோட்டைக் காட்டியே கேட்டார். பாக்கெட்டுக்கு 10 சென் குறைக்கிறேன், ஆனால் மிஞ்சியதை மாற்றித் தர மாட்டேன் என்றார் அவர். 28 நாளுக்கு 112 ரிங்கிட் மிச்சம். அவரிடம் நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் மாற்றிக்கொண்டிருந்த அக்காவுக்கு, அதன் விலையே 98 ரிங்கிட் ஆகும். 14 ரிங்கிட்டுக்காக அந்த வசதியை விட வேண்டாம் என்று அக்கா பழைய விலைக்கே ஒப்புக்கொண்டார். அதற்குப் பதிலாகச் சனி ஞாயிறுகளில் கேட்டால் 10 பாக்கெட் கூடுதலாகத் தர வேண்டும் என்று உறுதி வாங்கிக்கொண்டார்.

புதியவரையும் அவர் அனுப்பிவிடவில்லை. அவர் வீட்டில் அப்பளமும் மோர் மிளகாயும் போடுகிறார்கள், அதுவும் மலிவுதான். அது பத்து மணிக்கு வந்தாலும் சரி, மறுநாள் வந்தாலும் சரி, அலமாரியில் இரண்டு வாரச் சரக்கு எப்போதும் இருக்கும், எதுவும் கெடாது. இப்போது அதை அவரிடம்தான் வாங்குகிறார். மாவைப் பற்றி அவர் மறுபடி கேட்டபோது, "ஒரு மாசம் வேற கடைக்கு ஏழரைக்குள்ள போட்டுக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றார் அக்கா. அவர் தம் வழித்தடத்தை மாற்றி, எங்கள் தாமானுக்கு அடுத்த தாமானை மூன்றாவது நிறுத்தமாக வைத்திருக்கிறாராம். அங்கே வேன் எத்தனை மணிக்கு வருகிறது என்று அந்தக் கடைக்காரரிடம் அக்கா தினமும் போனில் கேட்டு, அதே 555 நோட்டில் புதிய பக்கம் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.